வெளியேறும் வாயில் ஏன் டோக்கனைக் கேட்கிறது?

மெட்ரோ ரயிலில் ஒரே ஒரு பயணத்துக்கு வாங்கும் டோக்கன், பயணத்தின் இரு முனைகளிலும் இரண்டு விதமாக நடத்தப்படுகிறது. உள்ளே நுழையும்போது அதை வாயிலின் மேல் காட்டினால் போதும். கதவு திறந்துவிடும், டோக்கன் கையிலேயே இருக்கும். வெளியே வரும்போது அதை ஒரு துளைக்குள் போட்டாக வேண்டும். போட்ட டோக்கன் திரும்ப வராது. சில ஊர்களில் இந்தத் துளையே கிடையாது. அங்கே டிக்கெட் வாங்கும்போதே கட்டணத்தோடு ஒரு டெபாசிட்டையும் வாங்கிக்கொண்டு, பயணம் முடிந்தபின் டிக்கெட்டைக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். எந்த ஊராக இருந்தாலும், நடுவழியில் டோக்கனைத் தொலைத்தவர் ஒருமுறை கட்டணம் கட்டியிருந்தும் மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. அதுவும் பெரும்பாலும் அந்த வலையமைப்பில் இருப்பதிலேயே உயர்ந்த கட்டணத்தை.

பேருந்து நடத்துநர் கிழித்துக் கொடுக்கும் சீட்டை இறங்கும்போது யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மெட்ரோ மட்டும் ஏன் கேட்கிறது என்பதற்கு, டோக்கன் விலையுள்ள பொருள் என்பது பாதி விடைதான். மீதிப் பாதி, அந்தப் பயணத்தைப் பற்றி வாயிலுக்குத் தெரிந்த எல்லாமே டோக்கனுக்குள்தான் இருக்கிறது என்பது. ஆகவே டோக்கனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பணத்துக்கு வர முடியும்.

டோக்கனின் பிளாஸ்டிக் வட்டைப் பிளந்தால், விளிம்பை ஒட்டிச் சுற்றிய மெல்லிய செம்புக்கம்பிச் சுருளும், அதன் இரு முனைகளும் போய்ச் சேரும் மிகச் சிறிய சில்லும் தெரியும். மின்கலம் எதுவும் இல்லை. வாயிலின் வாசிப்பு மேடைக்கு அடியிலும் ஒரு சுருள் இருக்கிறது. அதில் நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை முன்னும் பின்னுமாக அலையும் மின்சாரம் ஓடுகிறது. பொறியாளர்கள் இதை 13.56 மெகாஹெர்ட்ஸ் என்பார்கள். அந்த மின்சாரம் மேடைக்கு மேலே, அதே வேகத்தில் மாறிக்கொண்டிருக்கும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. டோக்கனை அந்தப் புலத்துக்குள் கொண்டுவந்தால் அதன் சுருளிலும் மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. இப்படிப் பிறக்கும் மின்சாரம் மிகச் சிறிது. என்றாலும் சில்லு விழித்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, தன் நினைவகத்தில் ஒரு வரியை மாற்றி எழுதிவிட்டு அடங்குவதற்கு அது போதும். எல்லாம் நொடியின் ஒரு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது.

சில்லு பதில் சொல்லும் விதம் சுவையானது. அது தன் பங்குக்கு எந்த அலையையும் வீசுவதில்லை. அவ்வளவு ஆற்றல் அதனிடம் கிடையாது. தன் சுருளில் ஓடும் மின்சாரத்துக்கு இருக்கும் பளுவைக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். அந்த மாற்றம் காந்தப்புலம் வழியாக வாயிலின் சுருளில் மிக நுண்ணிய ஏற்ற இறக்கமாகத் தெரிகிறது. வாசிப்பான் அதை ஒன்று, பூச்சியம் என்று எண்ணிக்கொள்கிறது.

டோக்கனை ஏறக்குறைய மேடையில் ஒட்டியே வைக்க வேண்டியிருப்பதன் காரணமும் இதில் இருக்கிறது. சுருளின் அளவைத் தாண்டி விலகிவிட்டால், அதன் காந்தப்புலம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். தொலைவு இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதோடு டோக்கன் சிறியது. ஏறத்தாழ 3 செ.மீ. விட்டமுள்ள வட்டின் பரப்பு சுமார் 7 சதுர செ.மீ. வங்கி அட்டை அளவிலுள்ள பயண அட்டையின் பரப்பு 46 சதுர செ.மீ. காந்தப்புலத்தைப் பிடிக்கும் பரப்பு டோக்கனில் ஆறில் ஒரு பங்குதான். பயண அட்டையைப் பையோடு காட்டினாலும் திறக்கும் வாயில், டோக்கனைச் சற்றுத் தூக்கிக் காட்டினால் கண்டுகொள்ளாமல் இருப்பது இதனால்தான்.

நினைவகமும் அளவில் சிறியதுதான். உலகெங்கும் ஒற்றைப் பயண டிக்கெட்டுகளில் அதிகம் பயன்பட்ட சில்லு வகைகளில் ஒன்றான மைஃபேர் அல்ட்ராலைட்டின் மொத்த நினைவகம் 64 பைட். தமிழில் இந்தப் பத்தியின் முதல் வாக்கியத்தைக்கூட அதில் முழுதாக எழுதிவைக்க முடியாது. அதில் 7 பைட் சில்லின் அடையாள எண்ணுக்குப் போய்விடும். தொழிற்சாலையில் பதித்த அந்த எண்ணைப் பிறகு மாற்ற முடியாது. மிஞ்சிய இடத்தில் எழுத வேண்டியவை சில: டோக்கன் எந்த நிலையத்தில் எப்போது விற்கப்பட்டது, எவ்வளவு கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது, எந்த நிலையத்தில் எப்போது உள்ளே நுழைந்தது, இப்போது அதன் நிலை என்ன.

கடைசியாகச் சொன்ன ‘நிலை’தான் மொத்த ஏற்பாட்டுக்கும் அச்சாணி. பெட்டியில் கிடக்கும் டோக்கன் வெற்று நிலையில் இருக்கிறது. விற்கும்போது இயந்திரம் அதை ‘விற்றது’ என்று எழுதுகிறது. நுழைவு வாயில் அதை ‘உள்ளே’ என்று மாற்றுகிறது. வெளியேறும் வாயில் ‘உள்ளே’ என்று இருக்கும் டோக்கனை மட்டுமே ஏற்கும். ஏற்று, கட்டணம் சரியா என்று பார்த்து, ‘முடிந்தது’ என்று எழுதும். ஒருவர் டோக்கனைக் காட்டி உள்ளே போய், தடுப்புக்கு மேலாக நண்பரிடம் நீட்டி, அதே டோக்கனில் அவரையும் உள்ளே அழைத்துக்கொள்ள முடியாமல் போவது இதனால்தான். டோக்கன் ஏற்கெனவே ‘உள்ளே’ என்ற நிலையில் இருப்பதால் நுழைவு வாயில் அதை மறுத்துவிடும். கூடவே ஒரு கால எல்லையும் உண்டு. நுழைந்த நேரத்திலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் வெளியேற வேண்டும். தாண்டினால் கூடுதல் பணம். நுழைந்த நேரம் டோக்கனிலேயே எழுதப்பட்டிருப்பதால் வாயிலுக்கு இது வெறும் கழித்தல் கணக்கு.

இந்த விவரங்களைத் தொலைவில் உள்ள கணினியில் வைக்காமல் டோக்கனிலேயே எழுதுவதற்குக் காரணம் நேரம். ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கையில் ஒவ்வொருவருக்கும் வாயில் மைய அலுவலகத்தைக் கேட்டுப் பதில் பெற்றுக்கொண்டிருக்க முடியாது. 20 ஆண்டுகளுக்கு முன்பிருந்த தொலைத்தொடர்பில் அது இன்னும் கடினம். இணைப்பு அறுந்தால் நிலையமே நின்றுவிடும். ஆகவே வாயில் தானே முடிவெடுத்துவிட்டு, நடந்ததைப் பிற்பாடு மையத்துக்குக் கணக்காக அனுப்புகிறது. இதைச் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. நிலையத்தின் பயணி உதவிக் கூண்டில், மறுக்கப்பட்ட டோக்கன் ஒன்றை ஊழியர் தம் மேசைமேல் உள்ள வாசிப்பானில் வைத்தவுடன், அது எங்கே எப்போது நுழைந்தது என்று திரையில் தெரிகிறது. அண்மைப்புலத் தொடர்பு வசதியுள்ள சாதாரணக் கைபேசியின் பின்புறத்தில் வைத்தால்கூடப் பல டோக்கன்களின் அடையாள எண்ணைப் படித்துவிடலாம்.

கைபேசியால் படிக்க முடியும் என்றால் எழுதவும் முடியாதா என்ற கேள்வி உடனே எழும். 2012-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த பாதுகாப்பு ஆய்வாளர்கள் மாநாடு ஒன்றில் இருவர் இதைச் செய்தே காட்டினார்கள். நியூ ஜெர்சி, சான் ஃபிரான்சிஸ்கோ போக்குவரத்து அமைப்புகளின் அல்ட்ராலைட் டிக்கெட்டில் பயணங்கள் தீர்ந்தபின், அதன் நினைவகத்தைக் கைபேசிச் செயலி கொண்டு பழைய நிலைக்கே திருப்பி எழுதினார்கள். சில்லில் இதைத் தடுக்கும் பூட்டு ஒன்று இருந்தும் அந்த அமைப்புகள் அதைப் பயன்படுத்தவில்லை. அது 32 பிட் கொண்ட ஒரு சிறு பகுதி. அதில் பூச்சியத்தை ஒன்றாக்கலாம், ஒன்றை மறுபடி பூச்சியமாக்க எந்தக் கருவியாலும் முடியாது. பயணத்துக்கு ஒரு பிட் எனச் செலவழித்தால் முடிந்த பயணத்தை யாரும் அழிக்க இயலாது. ஆனால் ஆயிரக்கணக்கான முறை கை மாறும் பிளாஸ்டிக் டோக்கனுக்கு இந்தப் பூட்டு பொருந்தாது. 32 பயணங்களில் தீர்ந்துபோகும். அங்கே வேறு வழி வேண்டும். வெளியேறும்போது டோக்கனைப் பயணியின் கையிலிருந்து வாங்கிக்கொள்வதும் அவற்றில் ஒன்று. கையில் இல்லாததைத் திருத்த முடியாதே.

ஆக, டோக்கன் திரும்பி வரவேண்டியதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, சில்லும் சுருளும் உள்ள பொருளை ஒரு பயணத்துக்குப் பின் எறிய முடியாது. அடுத்த பயணிக்கு விற்க அது வேண்டும். இன்னொன்று, முடிந்த பயணம் முடிந்ததாகவே இருக்க வேண்டும். திரும்பி வரச் செய்வதற்கு உலகம் கண்டுபிடித்த முறைகளும் இரண்டு: வாயிலே விழுங்கிவிடுவது, அல்லது பணத்தைப் பிணையாக வைத்துக்கொள்வது.

விழுங்கும் வாயில்தான் டெல்லியில் 2002 டிசம்பரில் மெட்ரோ தொடங்கியபோதும், சென்னையில் 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் தடம் திறந்தபோதும் வந்த முறை. டோக்கன் நாணயம்போல் வட்டமாக இருப்பதன் பயன் இங்கே தெரிகிறது. துளையில் போட்ட வட்டு தன் எடையாலேயே உருண்டு கீழே இறங்குகிறது. வழியில் உள்ள சிறு வாசிப்பான் அதைப் படிக்கிறது. சரியாக இருந்தால் வட்டு அடியில் உள்ள பெட்டியில் விழும். கட்டணம் போதாவிட்டால் ஒரு சிறு மடல் திரும்பி, அதை வெளியே உள்ள கிண்ணத்துக்குத் தள்ளிவிடும். இழுத்துச் செல்லப் பட்டைகள் வேண்டாம், உருளைகள் வேண்டாம். விற்கும் இயந்திரத்திலும் நாணயம் எண்ணும் பழைய நுட்பமே கைகொடுக்கிறது. டெபாசிட்டும் தேவையில்லை, ஏனென்றால் டோக்கனைக் கொடுக்காமல் வெளியே போக வழியே இல்லை.

வாயில் விழுங்குவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. காலையில் குடியிருப்புப் பகுதி நிலையங்களில் வாங்கிய டோக்கன்கள் அலுவலகப் பகுதி நிலையங்களின் பெட்டிகளில் போய்க் குவியும். மாலையில் கூட்டம் திரும்பும்போது அவற்றில் பெரும்பகுதி தானாகத் திரும்பிவிடும், எல்லாமே திரும்பாது. போகும்போது மெட்ரோவிலும் வரும்போது நண்பரின் வண்டியிலும் வருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு நிலையத்தில் டோக்கன் நிரம்பி வழிய, மற்றொன்றில் விற்க டோக்கன் இல்லாமல் போகும். ஊழியர்கள் பெட்டிகளைத் திறந்து, எண்ணி, மூட்டையாக ரயிலில் ஏற்றி இடம் மாற்ற வேண்டியிருக்கும். இந்த எண்ணிக்கையில்தான் எத்தனை டோக்கன் காணாமல் போயின என்பதும் தெரியவரும்: விற்றவற்றில் வாயிலுக்கு வந்தவற்றைக் கழித்தால் மிச்சம். வாங்கிவிட்டுப் பயணம் செய்யாதவர், நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றவர், பையின் கிழிசலில் விட்டவர் எல்லோரும் அந்த மிச்சத்தில் அடக்கம்.

டெபாசிட் முறைக்கு வந்த வழி வேறு. சிங்கப்பூரில் அதைத் தெளிவாகக் காணலாம். தமிழும் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள அந்த நாட்டில் எம்ஆர்டி ரயில் 1987 நவம்பரில் ஓடத் தொடங்கியது. அப்போது டிக்கெட் காந்தப் பட்டை பூசிய பிளாஸ்டிக் அட்டை. வாயிலின் துளையில் செருகினால் உள்ளே பட்டைகள் இழுத்துச் சென்று, படித்து, மறுபுறம் நீட்டும். ஒற்றைப் பயண டிக்கெட் என்றால் வெளியேறும்போது உள்ளேயே வைத்துக்கொள்ளும். 2002-இல் தொட்டால் போதும் என்ற ஈஸி-லிங்க் அட்டை வந்தது. வாயில்களில் இழுக்கும் பட்டையும் செருகும் துளையும் போயின. அசையும் பாகங்கள் குறைந்ததால் பழுதும் குறைந்தது. ஆனால் துளை இல்லாத வாயிலால் எதையும் விழுங்க முடியாதே. ஒற்றைப் பயணத்துக்குக் கொடுக்கும் சில்லு அட்டையைப் பயணி அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் டிக்கெட் விலையோடு 1 சிங்கப்பூர் வெள்ளி டெபாசிட் சேர்ந்தது.

நீலகிரியில் 2022 முதல் மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்ததும் திருப்பித் தருகிறார்களே, அதே கணக்குத்தான் இது. காட்டில் பாட்டிலை எறியாதே என்று அறிவிப்புப் பலகை வைத்து ஆகாதது 10 ரூபாயில் ஆகிறது. பாட்டிலுக்கும் டிக்கெட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. காலிப் பாட்டிலைப் பார்த்தாலே காலி என்று தெரியும். பயணம் முடிந்த டிக்கெட்டும் முடியாத டிக்கெட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பணத்தைத் திருப்பும் இயந்திரம் சில்லில் எழுதிய நிலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

சிங்கப்பூரில் அப்போதைய ஒரு பயணத்தை எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் 1.50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பயணி இயந்திரத்தில் 2.50 வெள்ளி போட்டு அட்டையைப் பெறுகிறார். அட்டையில் கட்டணம் 1.50, டெபாசிட் 1.00, நிலை ‘விற்றது’. வாயிலில் தொட்டதும் நிலை ‘உள்ளே’. சேருமிடத்தில் வாயிலில் தொட்டதும் கட்டணம் தீர்ந்து நிலை ‘முடிந்தது’. டெபாசிட் மட்டும் உயிரோடு இருக்கிறது. வாயிலுக்கு வெளியே வந்து, டிக்கெட் இயந்திரத்தின் துளையில் அட்டையைப் போடுகிறார். இயந்திரம் படிக்கிறது: பயணம் முடிந்திருக்கிறது, டெபாசிட் தரப்படவில்லை, வாங்கி 30 நாள் ஆகவில்லை. 1 வெள்ளி நாணயம் விழுகிறது. அட்டை உள்ளே போகிறது. அடுத்தவருக்கு விற்கப்படும் முன் அதன் நிலை வெறுமையாகிறது. 30 நாள் கடந்திருந்தால் அட்டை பயணியிடமே தங்கும், வெள்ளி நிர்வாகத்திடம் தங்கும்.

கணக்கு நேராக இருந்தாலும் நடைமுறையில் ஒரு குறை உடனே வெளிப்பட்டது. ஒவ்வொரு பயணத்துக்கும் பயணி இரண்டு முறை இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. வாங்க ஒருமுறை, பணத்தை வாங்க இன்னொருமுறை. வரிசை இரட்டித்தது. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் வாங்கியவர், இறங்கியபின் 1 வெள்ளிக்காக மறுபடி வரிசையில் நிற்பதா என்று யோசித்தார். டெபாசிட் முறை எங்கும் மாட்டிக்கொள்ளும் இடுக்கி இது. தொகையைப் பெரிதாக்கினால் எல்லோரும் திருப்பிக் கொடுப்பார்கள், ஆனால் சிறு பயணத்துக்குக்கூடக் கையில் கூடுதல் பணம் வேண்டும். சிறிதாக்கினால் பலர் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். தொகை அட்டையின் அடக்கவிலையை எட்டிவிட்டால், திரும்பாத அட்டையால் நிர்வாகத்துக்குப் பண இழப்பு இல்லை. ஆனால் புது அட்டைகளை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

டெபாசிட்டே வைக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஜகார்த்தாவின் புறநகர் ரயில் காட்டியது. அங்கே 2013 ஜூலையில் ஒற்றைப் பயணத்துக்குச் சில்லு அட்டைகள் புழக்கத்துக்கு வந்தன. ஒரே மாதத்தில் பல லட்சம் அட்டைகள் திரும்பி வரவில்லை. ஆகஸ்டிலேயே டெபாசிட்டோடு கூடிய டிக்கெட் அறிமுகமாயிற்று. ‘பிணையுள்ள நாள் டிக்கெட்’ என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார்கள்.

சிங்கப்பூர் 2012-இல் கேள்வியையே மாற்றிப் போட்டது. அட்டையைத் திரும்பப் பெறுவதற்குப் பதில், எறிந்தாலும் பெரிதாக இழப்பில்லாத மெல்லிய தாள் டிக்கெட்டைக் கொண்டுவந்து, அதே பயணி அதையே மறுபடி மறுபடி பயன்படுத்தும்படி செய்தது. ஒரு டிக்கெட்டில் 30 நாளுக்குள் 6 பயணம். டெபாசிட் 10 காசு மட்டும். அது தனியாகக் கையில் வராது, மூன்றாவது பயணத்தின் கட்டணத்தில் கழியும். மேலே சொன்ன 1.50 வெள்ளிப் பயணத்தையே எடுத்தால், முதல் முறை 1.60, இரண்டாம் முறை 1.50, மூன்றாம் முறை 1.40. ஆறாவது பயணத்தில் 10 காசு தள்ளுபடி. பணத்தைப் பெறத் தனி வரிசை இல்லை, ஏனெனில் அடுத்த பயணத்துக்குப் பணம் ஏற்ற எப்படியும் இயந்திரத்துக்கு வந்தாக வேண்டும். இரண்டு வரிசைகளை ஒன்றாக்கிய இந்த யோசனை, டெபாசிட் ஏற்பாடுகளில் கெட்டிக்காரத்தனமான ஒன்று. வங்கி அட்டையையே நேராக வாயிலில் தொடலாம் என்று ஆனபின், 2022-இல் அந்தத் தாள் டிக்கெட்டும் விடைபெற்றது.

இனி, தொலைந்த டோக்கன். எப்போது தொலைந்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

வாங்கிவிட்டு உள்ளே நுழையும் முன் தொலைந்தால், போவது கட்டிய கட்டணமும், டெபாசிட் இருந்தால் அதுவும். டோக்கனில் யாருடைய பெயரும் இல்லை. கண்டெடுத்தவர் அதைக் காட்டி உள்ளே போனால் வாயில் திறக்கும்; வாயிலைப் பொறுத்தவரை வைத்திருப்பவரே உரியவர். பயணம் முடிந்து வெளியே வந்தபின் தொலைந்தால் போவது டெபாசிட் மட்டும். விழுங்கும் வாயில் உள்ள ஊரில் இந்தக் கட்டமே வராது.

சிக்கல் எல்லாம் நடுவில் தொலைவதில்தான். 2018-இல் டெல்லியில் ஒருவர் வார நாளில் ராஜீவ் சௌக்கில் ஏறி, நான்காம் நிலையமான காஷ்மீரி கேட்டில் இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 2 முதல் 5 கி.மீ. வரையிலான தொலைவுக்கு அப்போது கட்டணம் 20 ரூபாய். டோக்கன் இருக்கை இடுக்கில் நழுவிவிட்டது. வாயிலுக்கு வந்து நிற்கிறார். அவர் சொல்வது முழு உண்மை. ஆனால் நிலையத்தில் உள்ள எந்தக் கருவியாலும் அதைச் சரிபார்க்க முடியாது. எங்கே நுழைந்தார் என்பது எழுதப்பட்டிருந்த ஒரே பொருள் இப்போது ரயிலோடு போய்க்கொண்டிருக்கிறது. நுழைவு வாயில்கள் மையத்துக்கு அனுப்பிய பதிவுகளில் அந்த டோக்கனின் எண் இருக்கத்தான் செய்யும். ஆனால் தம் டோக்கனின் எண் என்ன என்று எந்தப் பயணிக்கும் தெரியாது. ரொக்கம் கொடுத்து வாங்கியதால் அவரையும் அந்த எண்ணையும் இணைக்கும் சான்று வேறு எதுவும் இல்லை. அந்த அரை மணி நேரத்தில் ராஜீவ் சௌக்கில் நுழைந்த ஆயிரக்கணக்கான டோக்கன்களில் எது அவருடையது?

புறப்பட்ட இடம் தெரியாத பயணியிடம் என்ன வாங்குவது என்பது ரயிலுக்குப் பழைய கேள்வி. 1989-ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம் 138-ஆம் பிரிவில் இதற்கு விடை வைத்திருக்கிறது: எங்கே ஏறினார் என்பதில் ஐயம் இருந்தால், அந்த வண்டி புறப்பட்ட நிலையத்திலிருந்து கணக்கிட்டுக் கட்டணம் வாங்கலாம். நெடுந்தூர வண்டிக்கு இது பொருந்தும், ஏனென்றால் அதைவிடத் தொலைவிலிருந்து அந்த வண்டியில் அவர் வந்திருக்க முடியாது. மெட்ரோவில் அப்படிச் சொல்ல இயலாது. தடம் மாறித் தடம் மாறி வருகிறவர் வெளியேறும் வாயிலில் நிற்கும்போது, எந்த வண்டியில் இறங்கினார் என்பதுகூடத் தெரியாது. உறுதியாகச் சொல்லக்கூடிய மேல் எல்லை ஒன்றுதான்: அந்த வலையமைப்பில் சாத்தியமான உச்சக் கட்டணம். மெட்ரோக்கள் பொதுவாக அதையே பிடித்துக்கொள்கின்றன. டெல்லியில் 2018-இல் அது 60 ரூபாய். 20 ரூபாய்ப் பயணம் 80 ரூபாயில் முடியும். டிக்கெட் இல்லாமல் இருந்ததற்கான தண்டத் தொகையையோ டோக்கனின் விலையையோ சேர்ப்பதா, எவ்வளவு சேர்ப்பது என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும்.

உண்மையாகத் தொலைத்தவருக்கு இது கொடுமையாகத்தான் படும். ஆனால் மறுபக்கக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். தொலைத்தவர் சொல்லும் நிலையத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால், 32 கி.மீ.க்கு மேல் பயணம் செய்தவரும் குறைந்த விலை டோக்கன் ஒன்றை வாங்கி உள்ளே வந்து, அதைக் காலுறைக்குள் ஒளித்துக்கொண்டு, அடுத்த நிலையத்தில் ஏறியதாகச் சொல்லி 10 ரூபாயோடு போய்விடலாம். டோக்கனும் அவரிடமே இருக்கும். உச்சக் கட்டணம் என்ற விதி இருக்கும்வரை, தொலைத்ததாகச் சொல்வதால் எந்தப் பயணத்திலும் ஆதாயம் வராது. கட்டணம் குறைவாக இருக்கும் டோக்கனைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்த விதி பொருந்தாது என்பதையும் கவனிக்கலாம். அவருடைய டோக்கனை வாயில் கிண்ணத்தில் துப்பும். உதவிக் கூண்டில் அதைப் படித்து, குறைகிற தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு விடுவார்கள். ஒரே வேறுபாடு, அவருடைய பயணத்தின் சாட்சி கையில் இருக்கிறது.

பணத்தைக் கட்டியபின்னும் ஒரு வேலை பாக்கி. வாயில் திறக்க ஏதாவது ஒரு டோக்கன் வேண்டும். ஊழியர் வெளியேற மட்டும் பயன்படும் டோக்கன் ஒன்றை எழுதிக் கொடுக்கிறார். அதில் நுழைவு நிலையம் என்று எதுவும் இருக்காது. இந்த நிலையத்தில், இப்போது, ஒருமுறை வெளியே விடு என்று மட்டும் இருக்கும். இருக்கை இடுக்கில் கிடக்கும் பழைய டோக்கனோ, இன்னும் ‘உள்ளே’ என்ற நிலையிலேயே இருக்கிறது. கால எல்லைக்குள் யாராவது கண்டெடுத்து, கட்டணம் போதுமான நிலையத்தின் வாயிலில் போட்டால் பெட்டிக்குப் போய்ச் சேரும். பல நாள் கழித்துக் கிடைத்தால் கால எல்லை தாண்டியதாக வாயில் மறுக்கும். கூண்டில் கொடுத்தால் அழித்துப் புதிதாக்குவார்கள்.

டெல்லியில் 2023 மே மாதம் முதல் டோக்கனின் இடத்தைக் க்யூஆர் குறியீடு அச்சிட்ட தாள் பிடிக்கத் தொடங்கியது. அதே மாதம் சென்னை மெட்ரோ வாட்ஸ்அப் வழியே டிக்கெட் தர ஆரம்பித்தது. அச்சிட்ட குறியீட்டில் வாயிலால் எதையும் திருத்தி எழுத முடியாது. ஆகவே ‘உள்ளே’, ‘முடிந்தது’ என்ற நிலைகள் டிக்கெட்டை விட்டு மையக் கணினிக்கு இடம் மாறிவிட்டன; வாயில்களுக்கு எப்போதும் அறாத இணைப்பு கட்டாயமாயிற்று. தாள் திரும்பி வரத் தேவையில்லை, எனவே டெபாசிட்டும் இல்லை, விழுங்கும் துளையும் இல்லை. தொலைந்தால்? வாட்ஸ்அப்பில் வாங்கியவரின் எண்ணோடு டிக்கெட் பிணைந்திருக்கிறது. உரையாடலைத் திறந்தால் அது அங்கேயே இருக்கும், கைபேசியில் மின்னேற்றம் மிச்சமிருந்தால். ரொக்கம் கொடுத்துத் தாள் வாங்கியவரின் நிலை மட்டும் மாறவில்லை. அவர் எங்கே நுழைந்தார் என்பது மையக் கணினிக்குத் தெரியும். எந்தப் பதிவு அவருடையது என்பது அதற்கும் தெரியாது.